பதினைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம்

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்-அப் கொள்கையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தன் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது ஒரு விழுக்காட்டைத் தனியாக எடுத்து ‘புத்தாக்க நிதி’யாக வைக்க வேண்டும் என்பதே அது. எல்லாக் கல்லூரிகளும் வைத்துவிட்டன என்று சொல்ல முடியாது. வைத்த இடங்களில் மாணவர்களிடம் விண்ணப்பம் கேட்கிறார்கள். பிரச்சினை என்ன, திட்டம் என்ன, விளைவு என்ன, எவ்வளவு பணம், ஏன் அவ்வளவு பணம் என்று ஐந்து தலைப்புகள் இருக்கும். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கும் சின்ன விண்ணப்பங்கள்தான் அதிகம் வரும். அவற்றில் பாதிக்கு மேல் முதல் தலைப்பிலேயே விழுந்துவிடும்.

ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிப் பார்த்தால் காரணம் விளங்கும். விடுதி மாடியில் தண்ணீர் டேங்க் வழிவதை எடுத்துக்கொள்வோம். இதைவிடப் பழைய தலைப்பு கிடையாது. ‘ஸ்மார்ட் வாட்டர் டேங்க்’ என்ற பெயரைப் பார்த்ததுமே தேர்வுக் குழுவில் இருப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அதனால்தான் இதை எடுக்கிறேன். அரைத்த மாவைக் குழு ஏற்க வேண்டுமென்றால் எழுதியவர் உண்மையிலேயே வேலை செய்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு விடுதி இப்படி இருக்கட்டும். நான்கு மாடிக் கட்டடம், மொட்டை மாடியில் 10,000 லிட்டர் டேங்க். சம்ப்பும் மூன்று குதிரைத்திறன் மோட்டாரும் நுழைவாயில் பக்கம், கட்டடத்திலிருந்து 180 மீட்டர் தள்ளி இருக்கின்றன. போர்த் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் அந்தச் சம்ப்பில்தான் விழுகின்றன. வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டு கேட்டுக்குப் போவார். டேங்க் நிரம்பியது அவருக்குத் தெரியாது. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு யாராவது கத்தினால்தான் அணைப்பார்.

இந்த இடத்தில் பெரும்பாலான விண்ணப்பங்கள் என்ன எழுதும் என்று சொல்லத் தேவையில்லை. உலகில் இத்தனை கோடிப் பேருக்குக் குடிநீர் இல்லை, நீரின்றி அமையாது உலகு, சென்னையில் 2019இல் ஏரிகள் வறண்டன. எல்லாம் உண்மைதான். ஆனால் நம் விடுதி டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு வழிகிறது என்ற எண் அதில் இருக்காது. பணம் கேட்பது அந்த டேங்குக்கு. அதன் எண்தான் வேண்டும்.

எண்ணைப் பெறச் செலவில்லை. மாடியில் வழியும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குக் கீழே பாத்திரம் வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் கைக்கு வருவது 20 லிட்டர் வாளி. அது ஆறு நொடியில் நிரம்பும். கடிகாரத்தை அழுத்துவதில் ஒரு நொடி தவறினால் கணக்கில் ஆறில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். 200 லிட்டர் டிரம்மை மேலே ஏற்றி வைத்தால் அது நிரம்ப ஒரு நிமிடமாகும். அதில் ஒரு நொடி தவறினால் பிழை இரண்டு விழுக்காட்டைத் தொடாது. டிரம்மைப் படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். அதை விடியற்காலையில் செய்ய வேண்டும். குளிக்கும் நேரத்தில் கீழே குழாய்கள் திறந்திருக்கும், ஏறுகிற தண்ணீரில் ஒரு பகுதி அங்கே இறங்கிவிடும், வழிவது குறைவாகத் தெரியும்.

அடுத்த வேலை, எத்தனை நிமிடம் வழிகிறது என்று குறிப்பது. அறைத் தோழர்கள் முறை வைத்து, வழியத் தொடங்கிய நேரத்தையும் மோட்டார் நின்ற நேரத்தையும் 14 நாள் நோட்டில் எழுதுகிறார்கள். கூட்டினால் 182 நிமிடம், சராசரியாக நாளுக்கு 13 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 லிட்டர் என்றால் நாளுக்கு 2,600 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு நம் நாட்டில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதன்படி இந்த விடுதி 19 பேருடைய ஒருநாள் தண்ணீரைத் தினமும் சாக்கடையில் விடுகிறது. குளிக்கும் நேரத்தில் வழிவதும் இந்தச் சராசரியில் அடங்கியிருப்பதால் உண்மை அளவு சற்றுக் குறைவாக இருக்கலாம் என்றும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி எழுதியவரின் மேல் நம்பிக்கையைக் கூட்டும்.

இந்தப் பத்தி சரியாக அமைந்துவிட்டால் மற்ற நான்கு தலைப்புகளும் அதிலிருந்தே பிறக்கும். நிறுத்த வேண்டியது 13 நிமிடம். அதைக் குறைப்பதுதான் திட்டம், குறைந்ததா என்று காட்டுவதுதான் விளைவு, அதற்கு ஆகும் பணம்தான் பட்ஜெட்.

திட்டத்துக்கு வருவோம். குழுவில் கட்டாயம் ஒரு எலெக்ட்ரிக்கல் பேராசிரியர் இருப்பார். அவர் கேட்கும் முதல் கேள்வி: “இதுக்கு எதுக்குப்பா புராஜெக்ட்? ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டா போதாதா?” நியாயமான கேள்வி. நேர்காணல் வரை அதைத் தள்ளாமல் விண்ணப்பத்திலேயே பதில் சொல்லிவிட வேண்டும்.

ஃப்ளோட் சுவிட்ச் என்பது டேங்குக்குள் மிதந்து, தண்ணீர் ஏறியதும் மின்சுற்றைத் துண்டிக்கும் எளிய சாதனம். அது இருக்கும் இடம் மொட்டை மாடி, மோட்டார் இருக்கும் இடம் 180 மீட்டர் தள்ளி. இடையில் கேபிள் இழுக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் தூரத்தையும் சேர்த்தால் 200 மீட்டருக்கு மேல் போகும். பாதையைத் தோண்டி, பைப்புக்குள் கேபிளை விட்டு மூட வேண்டும். கேபிளும் தோண்டும் கூலியும் சேர்ந்து சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்காகும். சரி, ஒரு டைமர் வைத்து 50 நிமிடத்தில் மோட்டார் தானாக நிற்கும்படி செய்யலாமே? காலி டேங்க் நிரம்ப 50 நிமிடம் என்பது சரிதான். ஆனால் பாதி நிரம்பிய டேங்குக்கு வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டால் 25 நிமிடம் வழியும், இப்போது இருப்பதைவிட மோசம். டேங்க் வாயில் பந்து வால்வு வைத்தால் தண்ணீர் நிற்கும், மோட்டார் நிற்காது. மூடிய குழாயை எதிர்த்து ஓடி பம்ப் சூடேறும். விவசாயிகள் வைத்திருக்கும் மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கலாம். அதில் மோட்டாரை எங்கிருந்தும் நிறுத்தலாம், ஆனால் எப்போது நிறுத்துவது என்று யாராவது சொல்ல வேண்டுமே.

ஆக, தேவைப்படுவது மாடியிலிருந்து மோட்டார் அறைக்குக் கம்பியில்லாமல் போகும் ஒரே ஒரு செய்தி. அதற்கு ‘லோரா’ என்ற வானொலி முறை பொருந்தும். குறைந்த மின்சாரத்தில், சுவர்களைத் தாண்டி, சில நூறு மீட்டருக்குச் சிறு செய்திகளை அனுப்பும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் குறைந்த சக்தியில் ஒலிபரப்ப உரிமம் தேவையில்லை. சந்தையில் கிடைக்கும் பலகைகளில் சில ஐரோப்பிய, அமெரிக்க அலைவரிசைக்கு ஏற்ப வரும். நிரலில் அதை நம் எல்லைக்குள் மாற்றிவிட வேண்டும். இதை விண்ணப்பத்தில் எழுதியவரை குழு உடனே அடையாளம் கண்டுகொள்ளும், ஏனென்றால் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. என் கணிப்பில் முழு விண்ணப்பமும் அதில்தான் நிற்கிறது. கருவி மோட்டாரைத் தானாகப் போடவும் வேண்டுமா, அணைத்தால் மட்டும் போதுமா? மாணவர்களுக்கு இரண்டையும் செய்ய ஆசை இருக்கும். அணைப்பது மட்டும் போதும் என்று சொல்லும் துணிவு வேண்டும். நம் பிரச்சினை டேங்க் வழிவது. வாட்ச்மேன் மோட்டாரைப் போட மறந்தார் என்ற புகார் நோட்டில் எங்கும் இல்லை. அணைக்க மட்டும் என்றால் ஸ்டார்ட்டரில் உள்ள சிவப்புப் பொத்தானின் சுற்றில் வரிசையாக ஒரு ரிலே தொடர்பைச் சேர்த்தால் போதும். அது திறந்தால் ஸ்டார்ட்டரின் காயில் விடுபட்டு மோட்டார் நிற்கும். மறுபடி ஓட, ஆள் வந்து பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மோட்டார் அறையில் யாராவது பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாக ஓடத் தொடங்கும் ஆபத்து இல்லை. ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே உள்ள ஓவர்லோட் பாதுகாப்பையும் தொட வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் இதே போக்கில் அமையும். மாடியில் உள்ள பலகை அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘இன்னும் நிரம்பவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் செய்தி வராவிட்டால் மோட்டார் நின்றுவிடும். பேட்டரி இறங்கினாலும், ஆன்டெனா உடைந்தாலும், குரங்கு கம்பியைப் பிடுங்கினாலும் முடிவு ஒன்றுதான். ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தி வந்தால்தான் நிற்கும் என்று அமைத்தால், அந்தச் செய்தி வராத நாளில் தண்ணீர் கொட்டும். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றினாலும் கெட்டுப்போகும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

மட்டத்தைப் பார்க்க மாணவர்கள் பொதுவாக மீயொலி சென்சாரைத் தேர்ந்தெடுப்பார்கள். லிட்டர் கணக்கில் திரையில் காட்டலாம் என்ற கவர்ச்சி. மூடிய டேங்குக்குள் அதன் முகத்தில் நீராவி படிந்து துளியாக நிற்கும்போது அளவு தாறுமாறாகும். மேலும் மிக அருகில் உள்ள பொருளை அதனால் அளக்க முடியாது. மலிவாகக் கிடைக்கும் நீர்புகா வகைகளுக்கு முகத்துக்கு முன் 20 சென்டிமீட்டருக்கு மேல் குருட்டுப் பகுதி உண்டு. நமக்குத் தெரிய வேண்டியதோ டேங்க் விளிம்பு மட்டம்தான். காந்தம் வைத்த சாதாரண ஃப்ளோட் இதற்கு மேல். அதற்கும் ஒரு எதிரி உண்டு: போர்த் தண்ணீரின் உப்பு. வெள்ளைப் படிவு தண்டில் ஏறி ஃப்ளோட் சிக்கிக்கொள்ளும். சிக்கியது எப்படித் தெரியும்? முதல் ஃப்ளோட்டுக்கு மேலே, ஓவர்ஃப்ளோ குழாயின் மட்டத்தில், இன்னொன்றை வைத்தால் தெரியும். இரண்டாவது எழுந்தால் முதலாவது வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த எழுச்சியை நேரத்தோடு பதிவு செய்தால், வழிந்த நிமிடங்களின் கணக்கும் கிடைத்துவிடும்.

“கடையில் வயர்லெஸ் கன்ட்ரோலரே விக்கிறாங்களே?” என்று அடுத்த கேள்வி வரும். விற்கிறார்கள்தான். கட்டடங்களுக்கு இடையே 180 மீட்டரை அது எட்டும் என்றால் அதையே வாங்குவது நல்லது. அது விடுதியின் பராமரிப்புச் செலவு, அதற்குப் புத்தாக்க நிதி வேண்டாம். அதனால் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியது வேறு: இந்தத் தூரத்தில் செய்தி அறுந்தால் மோட்டார் நிற்கும், தன் தோல்வியைத் தானே பதிவு செய்யும், கல்லூரி எலெக்ட்ரீஷியனே பழுது பார்க்கும், மற்ற விடுதிகளுக்கும் அப்படியே எடுத்துச் செல்லலாம். இவற்றில் ஒன்றையும் சொல்ல முடியாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிடுவதே மரியாதை.

விளைவு என்ற தலைப்பில் நடக்கும் குழப்பம் ஒன்றுதான். கருவி செய்வோம், சுவரொட்டி வைப்போம், கட்டுரை வெளியிடுவோம் என்று எழுதுகிறார்கள். அவை செய்யும் வேலைகள். விளைவு என்பது விடுதியில் மாறும் ஒன்று. நம் விண்ணப்பத்தில் அது ஒரே வாக்கியம்: கருவி பொருத்திய பிறகு 14 நாளில் வழியும் மொத்த நேரம் 182 நிமிடத்திலிருந்து 14 நிமிடத்துக்குக் கீழே வரும். பூஜ்யம் என்று எழுதக் கூடாது, ஃப்ளோட் சிக்கும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். கருவியின் பதிவோடு நோட்டும் தொடர வேண்டும். கருவியின் வெற்றிக்குக் கருவியே சாட்சி சொன்னால் குழு நம்பாது. மோட்டார் அறையில் ஓடும் நேரத்தைக் காட்டும் சிறு மணிமானி ஒன்றும் வேண்டும். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு வாரங்களும் விடுதி நிரம்பியிருக்கும் வாரங்களாக இருக்க வேண்டும். தேர்வு விடுமுறையில் அளந்தால் கருவி இல்லாமலேயே வெற்றி கிடைத்துவிடும்.

பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பார்கள். பொய் சொல்லும் ஆசை வரும் இடம் இதுதான். மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய மூன்று கிலோவாட் இழுக்கும். 13 நிமிடத்துக்கு முக்கால் யூனிட் கூட இல்லை. விடுதி இயங்கும் 300 நாளுக்கும் சேர்த்து 195 யூனிட். மின்சார மிச்சத்தைக் காட்டிப் பணம் கேட்டால் திரும்பி வர எத்தனையோ ஆண்டுகளாகும். ஆனால் கல்லூரி கோடையில் 60 நாள் லாரித் தண்ணீர் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கதை மாறும். நாளுக்கு 2,600 வீதம் 60 நாளில் வழிவது 1,56,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் சரியாக 13 லோடு. லோடுக்கு 1,800 ரூபாய் என்று கணக்குப் பிரிவில் பில் இருந்தால் 23,400 ரூபாய். அந்தப் பில்லின் நகலை இணைத்துவிட்டால் வாதம் முடிந்தது. லாரி வாங்காத கல்லூரியில் பணக் கணக்கைக் காட்டவே கூடாது, லிட்டர் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி பட்ஜெட். கீழே வருபவை உதாரண விலைகள். எழுதுகிறவர் ரிச்சி தெருவிலோ தன் ஊர்க் கடையிலோ கொட்டேஷன் வாங்கித்தான் போட வேண்டும். லோரா பலகைகள் மூன்று, 4,500 ரூபாய். தேவை இரண்டு, கேட்பது மூன்று. காரணம் எழுத வேண்டும்: மாடி வெயிலில் ஒன்று போனால் செமஸ்டர் முடிவதற்குள் வேறு வாங்க அனுமதி கிடைக்காது. ஃப்ளோட் நான்கு, 1,400. டேங்கில் இரண்டு, சம்ப் வற்றினால் மோட்டாரை நிறுத்த ஒன்று, உப்புப் படிவுக்கு மாற்றாக ஒன்று. மாடியில் பிளக் இல்லாததால் சிறு சூரியத் தகடும் பேட்டரியும் 1,600. மழை புகாத பெட்டிகள் இரண்டு, ரிலே, சாவி போட்ட மாற்றுச் சுவிட்ச் சேர்ந்து 3,000. அந்தச் சாவி எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும். கருவி பழுதான நாளில் பழையபடி மோட்டாரை ஓட்டவும், மற்ற நாளில் யாரும் கருவியைத் தாண்டிப் போகாமல் இருக்கவும் அது வேண்டும். மணிமானி 600. வயர், கிளிப், பைப்புக்கு 1,500.

எலெக்ட்ரீஷியன் இரண்டு நாள் கூலி 2,000. இந்த வரியை மாணவர்கள் எழுதுவதே இல்லை, ‘நாங்களே செய்துகொள்வோம்’ என்பார்கள். மூன்று கட்ட மின்சாரம் ஓடும் ஸ்டார்ட்டர் பெட்டியை மாணவர் திறக்கக் கூடாது. கூலி வரி இல்லாத பட்ஜெட்டைப் பார்த்தாலே, பாதுகாப்பைப் பற்றி இவர்கள் யோசிக்கவில்லை என்று குழு முடிவு கட்டிவிடும். இதுவரை 14,600. எதிர்பாராச் செலவுக்கு 900 சேர்த்தால் 15,500.

போக்குவரத்து, பிரின்ட் அவுட், லேப்டாப், சான்றிதழ் அச்சடிப்பு எதுவும் இதில் இல்லை. நிதியின் உச்சவரம்பு 25,000 என்பதற்காக 24,900க்கு இழுத்து நிரப்பும் பழக்கம் உண்டு. அந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு ரூபாயும் திட்டத்தில் ஏதாவது ஒரு வாக்கியத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ரூபாயை நீக்கிவிடலாம், அல்லது திட்டத்தில் அந்த வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் குறிக்க வேண்டும். அதை மறந்தவர்களுக்கு வாங்கும் நேரத்தில் எதிர்பாராச் செலவுக்கு வைத்த 900 போதாது. பில் இல்லாமல் சந்தையில் நூறு ரூபாய் குறைவாகக் கிடைப்பதை வாங்கினால், செலவுக் கணக்கு காட்டும்போது அந்தப் பணம் மொத்தமும் மாணவர் கையிலிருந்துதான் போகும்.

கடைசியாகக் கையெழுத்துகள். விடுதிக் காப்பாளர் டேங்கில் கை வைக்க அனுமதி தர வேண்டும். எலெக்ட்ரிக்கல் மேற்பார்வையாளர் சுற்றுப் படத்தைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மாணவர்கள் படிப்பு முடித்துப் போன பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோட்டைக் கழுவுவது யார் என்று ஒரு பெயரல்ல, ஒரு பதவி எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்லூரி வளாகங்களில் செத்துக் கிடக்கும் மாணவர் கருவிகளில் பெரும்பாலானவை பழுதானதால் சாகவில்லை. துடைக்க ஆளில்லாமல் செத்தவை.

இந்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தால் ஒரு நாள் போதும். ஆனால் நோட்டில் எழுத 14 நாளும், கொட்டேஷனுக்கு ஒரு வாரமும், கையெழுத்துகளுக்கு இன்னொரு வாரமும் வேண்டும். ஆகவே கடைசித் தேதி அறிவிப்புப் பலகையில் வரும்வரை காத்திருக்காதீர்கள். வழியும் டேங்க் உங்கள் விடுதியிலும் இருந்தால் நாளைக் காலையே நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.